கையில் ஒரு பத்தியின் ஸ்கிரீன்ஷாட் மட்டும்: மேற்கோளைச் சரிபார்க்கும் வழிமுறை

ஒரு கட்டுரையின் ஒரே ஒரு பத்தி படமாக வருகிறது. தலைப்பு இல்லை, தேதி இல்லை, உலாவியின் முகவரிப் பட்டையும் வெட்டப்பட்டிருக்கிறது. கூடவே "இன்னார் இன்ன பத்திரிகையில் எழுதியது" என்று ஒரு வரி. இதைக் கட்டுரையில் எடுத்தாளலாமா, மேடையில் சொல்லலாமா என்று கேட்டு வருகிற இத்தகைய படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவை சிக்கிக்கொள்ளும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் ஆகாத சோதனை முதலில் வரும், அலைச்சல் பிடித்தது கடைசியில் வரும்.

விளக்குவதற்கு உண்மையிலேயே சுற்றிவரும் ஒரு பத்தியை வைத்துக்கொள்வோம். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2008-ல் பெற்ற பால் க்ரூக்மன் எழுதியது என்று அது வரும். இணையத்தின் வளர்ச்சி பெரிதும் மட்டுப்படும், பெரும்பாலான மனிதர்களுக்கு ஒருவரோடொருவர் பேச ஒன்றுமே இல்லை, பொருளாதாரத்தில் இணையம் ஏற்படுத்திய தாக்கம் ஃபேக்ஸ் இயந்திரம் ஏற்படுத்தியதைவிடப் பெரிதில்லை என்பது 2005 வாக்கில் தெளிவாகிவிடும் என்கிறது அந்தப் பத்தி. நோபல் பெற்றவர் இப்படியா எழுதியிருப்பார் என்று பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் உடனே நம்பி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

படத்தோடு வரும் அந்த ஒற்றை வரியை நான்காக உடைத்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சொற்கள் எங்காவது அச்சேறியிருக்கின்றனவா? அவற்றை எழுதியவர் இவர்தானா? அந்தப் பத்திரிகையில்தானா? அந்தத் தேதியில்தானா? இந்த நான்கும் தனித்தனியே சரியாகவோ தவறாகவோ இருக்க முடியும். ஒட்டுமொத்தமாக "உண்மையா பொய்யா" என்று பார்த்தால், பத்திரிகையின் பெயர் தவறு என்ற ஒரே காரணத்துக்காக அசல் மேற்கோளையும் பொய் என்று தள்ளிவிடுவோம். க்ரூக்மன் பத்தியில் அதுதான் நடக்கிறது.

படத்தை அனுப்பியவரிடம் "இது உங்களுக்கு யார் அனுப்பியது, இதைவிடப் பெரிய படம் இருக்கிறதா" என்று கேட்பதும் இந்தக் கட்டத்திலேயே. கைமாறக் கைமாறப் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். இரண்டு கை முன்னால் இருந்த படத்தில் பக்க எண்ணோ, கட்டுரையாளர் பெயரின் பாதியோ தப்பியிருக்கலாம்.

எழுத்துரு பொருந்துகிறதா, நிறம் சரியா என்று படத்தையே உற்றுப் பார்ப்பதில் நான் நேரம் செலவிடுவதில்லை. எந்தச் செய்திப் பக்கத்திலும் உலாவியின் "இன்ஸ்பெக்ட்" வசதியைத் திறந்து, ஒரு பத்தியின் சொற்களை மாற்றிப் படம் பிடிக்க ஒரு நிமிடம் போதும். அப்படிப் பிடித்த படத்தில் எழுத்துரு, வரி இடைவெளி, நிறம் எல்லாம் அந்தப் பத்திரிகையின் அசலாகவே இருக்கும். ஆகவே பார்க்க அசலாக இருப்பது எதையும் நிரூபிக்காது. மங்கலாக இருப்பதும் பொய் என்பதற்குச் சான்றில்லை.

## அறிகுறி 1: வாக்கியத்தைத் தேடினால் எதுவுமே வரவில்லை

தட்டச்சுப் பிழை. பெரும்பாலும் இதுதான் காரணம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் ஆங்கிலத்தில் rn என்பதை m என்று படிக்கும், வரியின் கடைசியில் ஒடித்த சொல்லின் நடுவே கோட்டை விட்டுவைக்கும். தமிழில் பாடு இன்னும் அதிகம். துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பும், ககரத்தைச் சகரமாக்கும். பிரித்தெடுத்ததை அப்படியே ஒட்டித் தேடாமல், படத்தைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். படம் பெரிதாக இருந்தால் கணினியில் டெசராக்ட் நிரலே ஓரளவு நன்றாகப் படித்துக் கொடுக்கும். அதன் பிறகும் கண்ணால் ஒப்பிட வேண்டும்:

```
tesseract padam.png veliyeedu -l tam+eng
```

தேடும் துண்டு நீளமாக இருப்பது. முழு வாக்கியத்தையும் மேற்கோள் குறிக்குள் போட்டால் அதில் ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் கிடைக்காமல் போகலாம். வாக்கியத்தின் நடுவிலிருந்து ஏழெட்டுச் சொற்களை எடுங்கள். நிறுத்தக்குறி, எண், பெயர் எதுவும் அதில் வேண்டாம். அதே சமயம் வேறு யாரும் அப்படியே எழுதிவிட முடியாத சேர்க்கையாக இருக்க வேண்டும். க்ரூக்மன் பத்தியில் தேட வேண்டிய துண்டு இதுதான். அதே வாக்கியத்தில் வரும் மெட்காஃப் என்ற பெயரை மேற்கோள் குறிக்கு வெளியே சேர்த்திருக்கிறேன்:

```
"most people have nothing to say to each other" Metcalfe
```

ஒற்று. தமிழ்ப் பத்திகளுக்கே உரிய தொல்லை இது. மூலத்தில் "அவர்களைக் கண்டு" என்றிருக்கும், படத்தைப் பார்த்துத் தட்டியவர் "அவர்களை கண்டு" என்று போட்டிருப்பார். ஒரு ஒற்றெழுத்து குறைந்ததால் மேற்கோள் குறிக்குள் தேடும்போது இரண்டும் வெவ்வேறு தொடராகிவிடும். துண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே வல்லினம் மிகும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒற்றோடு ஒருமுறையும் ஒற்றில்லாமல் ஒருமுறையும் தேடுங்கள். "ஸ்ரீ" போன்ற எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு விதமான குறியீட்டில் இருக்கும் என்பதால் அவற்றையும் ஒதுக்குங்கள்.

பழைய எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் பல தமிழ்த் தளங்கள் தங்களுக்கென்று தனி எழுத்துரு வைத்திருந்தன. அந்தப் பக்கங்கள் கணினிக்குள் ரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவுமே கிடக்கின்றன. இன்றைய தமிழில் எவ்வளவு தேடினாலும் அவை அகப்படாது. சேமிப்பகத்தில் அப்படியொரு பக்கத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற எழுத்துக் குவியல் தெரியும். அதை அப்படியே நகலெடுத்து என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற குறியாக்க மாற்றியில் போட்டால் தமிழ் வந்துவிடும். அந்தப் பழைய எழுத்துருக் காலத்துக் கட்டுரை என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, தேதியை வைத்து அந்த நாளின் பக்கங்களுக்குப் போக வேண்டும்.

மொழிபெயர்ப்பு. படத்தில் இருப்பது தமிழ், சொன்னவரோ ஆங்கிலத்தில் எழுதுபவர் என்றால், நீங்கள் திரும்ப ஆங்கிலமாக்கும் வாக்கியம் அசலோடு ஒருநாளும் ஒத்துவராது. பத்தியில் உள்ள பெயர்ச்சொற்களையும் எண்களையும் மட்டும் எடுத்துத் தேடுங்கள். க்ரூக்மன் பத்தி தமிழில் வந்திருந்தால் அவர் பெயர், ஃபேக்ஸ், 2005 மூன்றும் போதும்.

இத்தனைக்கும் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால், அது அச்சில் மட்டும் வந்த கட்டுரையாக இருக்கலாம், கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கலாம், அல்லது அப்படியொரு கட்டுரையே இல்லாமலும் இருக்கலாம். தேடுபொறியின் வெறுமை இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது. அறிகுறி 5-ஐயும் கடைசிப் பகுதியையும் பாருங்கள்.

## அறிகுறி 2: எங்கு பார்த்தாலும் மேற்கோள் இருக்கிறது, மூலம் மட்டும் இல்லை

க்ரூக்மன் பத்தி இந்த வகை. மேலே சொன்ன துண்டைத் தேடினால் பக்கம் பக்கமாக முடிவுகள் வரும். எல்லாம் எடுத்துச் சொல்பவர்களுடையவை. நூறு இடத்தில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். நூறு பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் அது ஒரு சான்றுதான்.

முதல் சோதனை: முடிவுகளில் யார் மிகத் துல்லியமான குறிப்பைத் தருகிறார் என்று பாருங்கள். "1998-ல் சொன்னார்" என்பவர்களைத் தள்ளிவிட்டு, இதழின் பெயர், கட்டுரைத் தலைப்பு, இணைப்பு தருபவர்களை எடுங்கள். க்ரூக்மன் விஷயத்தில் அப்படித் தருபவர்கள் ரெட் ஹெர்ரிங் என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப வணிக இதழைக் காட்டுவார்கள். கட்டுரை, பெரும்பாலான பொருளியலாளர்களின் கணிப்புகள் ஏன் தவறுகின்றன என்பதைப் பற்றியது. 1998 ஜூன் இதழில் வந்தது.

இரண்டாவது சோதனை: அந்த முகவரி இன்று திறக்காது. அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அதே முகவரியைக் கொடுங்கள்:

```
https://web.archive.org/web/19980610100009/www.redherring.com/mag/issue55/economics.html
```

நடுவில் உள்ள 14 இலக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது இந்த வேலையில் பெரிய உதவி. 1998, 06, 10, பிறகு 10 மணி 00 நிமிடம் 09 விநாடி. காப்பகத்தின் நிரல் அந்தப் பக்கத்தை நகலெடுத்த நேரம் அது. கட்டுரை வெளியான தேதி அல்ல. "க்ரூக்மன், 1998 ஜூன் 10" என்று சிலர் குறிப்பெழுதுவதற்கு வழி இதுதான்: நகலெடுத்த நாளையே எழுதிய நாளாக்கிவிட்டார்கள். அந்த நகல் உறுதியாகச் சொல்வது, ஜூன் 10-ஆம் தேதிக்குள் இந்தப் பக்கம் இணையத்தில் இருந்தது என்பதை மட்டுமே. ஆனால் அதுவே பெரிய சான்று. 2005 வந்து, கணிப்பு பொய்த்த பிறகு யாரோ கேலிக்காகப் புனைந்த வரி இது என்ற வாதம் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

முகவரியே தெரியாதபோது: இதழின் பெயர் மட்டும் கையில் இருந்தால், அந்தத் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் காப்பகத்தில் உள்ளன என்று பட்டியல் கேட்கலாம்.

```
curl "https://web.archive.org/cdx/search/cdx?url=redherring.com/mag/issue55/*&collapse=urlkey&limit=100"
```

வரும் ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது புலம் நகலெடுத்த நேரம், மூன்றாவது முகவரி, ஐந்தாவது நிலைக்குறி. ஐந்தாவது 200 என்றிருந்தால் பக்கம் அப்போது நல்லபடியாகத் திறந்திருக்கிறது. 404 என்றால் அந்த நகலில் படிக்க ஒன்றுமிருக்காது. கோப்புப் பெயரைப் பார்த்தே economics என்பது போலப் பொருத்தமானதைப் பொறுக்கிவிடலாம்.

எழுதியவரே சொல்வதையும் சரிபார்க்க வேண்டும். இந்தப் பத்தியை நான் எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். 2013-ல் ஒரு செய்தித் தளம் க்ரூக்மனிடமே கேட்டது. அது நியூயார்க் டைம்ஸ் வார இதழின் நூறாம் ஆண்டு மலருக்காக, எதிர்காலத்திலிருந்து ஒருவர் திரும்பிப் பார்ப்பதுபோல் எழுதியது, சீண்டிப் பார்க்கவும் ரசிக்கவும் எழுதியதே தவிர ஆய்ந்து சொன்ன கணிப்பல்ல என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அப்படியொரு கட்டுரையை அவர் எழுதியது உண்மைதான். அது 1996 செப்டம்பரில் வந்தது. ஆனால் ஃபேக்ஸ் வாக்கியம் இருப்பது 1998-ன் ரெட் ஹெர்ரிங் கட்டுரையில். தம் இரண்டு கட்டுரைகளை அவரே ஒன்றாக நினைத்துக்கொண்டார். அவர் சொன்னதை நம்பி நியூயார்க் டைம்ஸ் தொகுப்பில் தேடியவருக்குப் பத்தி கிடைக்காது. உடனே மேற்கோளே பொய் என்று முடிவுகட்டியிருப்பார். பல ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு பத்திக் கட்டுரை எழுதிவந்தவருக்கு எது எங்கே வந்தது என்பது மறந்துபோவது இயல்பு. ஆகவே "நான் எழுதவில்லை", "அது வேறு கட்டுரை" என்ற பதிலையும் ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

நான்கு கேள்விகளுக்கும் இப்போது விடை வந்துவிட்டது. சொற்கள் உண்டு, எழுதியவர் அவரே, நியூயார்க் டைம்ஸ் என்பது தவறு, ஜூன் 10 என்பது நகலெடுத்த நாள்.

## அறிகுறி 3: கட்டுரை கிடைத்துவிட்டது, அந்தப் பத்தி மட்டும் அதில் இல்லை

இங்கே அவசரப்பட்டு "புனைவு" என்று எழுதுகிறவர்கள் அதிகம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு.

பத்தி கட்டுரையின் உடலில் இல்லாமல், படக்குறிப்பிலோ, பெட்டிச் செய்தியிலோ, இரண்டாம் பக்கத்திலோ, பக்கத்தின் அடியில் வாசகர் எழுதிய கருத்திலோ இருக்கலாம். வாசகர் கருத்தை வெட்டி, அதைக் கட்டுரையாளர் சொன்னதாக்கிய படங்கள் உண்டு. பக்கத்தைக் கடைசிவரை இறக்கி, கருத்துகளையும் திறந்துவைத்துத் தேடுங்கள்.

அடுத்து, கட்டுரை வெளியான பிறகு திருத்தப்பட்டிருக்கலாம். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து இந்த இரண்டையும் தேடுங்கள்:

```
datePublished
dateModified
```

செய்தித் தளங்கள் பலவற்றில் இவை இருக்கும். இரண்டாவது முதலாவதைவிடச் சில மணி நேரம் பிந்தியிருந்தால் ஏதோ மாறியிருக்கிறது. அது ஒரு எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம், ஒரு பத்தி நீக்கமாகவும் இருக்கலாம். முகவரியின் கடைசிப் பகுதியையும் படியுங்கள். பல தளங்களில் தலைப்பை மாற்றினாலும் முகவரியில் முதல் தலைப்பின் சொற்களே தங்கிவிடும். இப்போதைய தலைப்புக்கும் முகவரியில் உள்ள சொற்களுக்கும் பொருத்தம் இல்லையென்றால், கட்டுரை கணிசமாக மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பழைய நகலைத் தேட வேண்டும்.

வேபேக் மெஷினில் முகவரிக்கு முன் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா நகல்களும் நாட்காட்டியாக வரும்:

```
https://web.archive.org/web/*/கட்டுரையின்-முகவரி
```

வெளியான நாளின் முதல் நகலையும் கடைசி நகலையும் எடுத்து, அங்கேயே உள்ள Changes என்ற ஒப்பீட்டு வசதியில் கொடுத்தால் நீக்கியதும் சேர்த்ததும் நிறமிட்டுத் தெரியும். மேலே சொன்ன curl கட்டளையில் collapse=urlkey என்ற பகுதியை நீக்கிவிட்டு, கட்டுரையின் முகவரியைக் கொடுத்தால் அதன் நகல்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு வரியிலும் ஆறாவது புலம் அந்த நகலின் உள்ளடக்கத்துக்கான கைரேகை. பழைய எளிய பக்கங்களில் இந்தக் கைரேகை இரண்டு நகல்களுக்கு ஒன்றாக இருந்தால் இடையில் எதுவும் மாறவில்லை என்று பொருள். இன்றைய பக்கங்களில் விளம்பரம் மாறினாலே கைரேகையும் மாறிவிடுவதால் அவற்றுக்கு இதை நம்ப வேண்டாம். நகல்களைத் திறந்து கண்ணால் படிப்பதே வழி. ஒரு எல்லையையும் மனத்தில் வையுங்கள். பத்தி காலை ஒன்பதுக்கு வெளியாகிப் பத்துக்கு நீக்கப்பட்டு, காப்பகம் முதல் நகலைப் பதினொன்றுக்கு எடுத்திருந்தால் எதுவும் தெரியாது. "நகல்களில் இல்லை" என்றுதான் எழுத முடியும், "எப்போதும் இருந்ததில்லை" என்று எழுத முடியாது.

கடைசியாக, பதிப்பு வேறுபாடு. நாளிதழ்களின் சென்னைப் பதிப்பும் மதுரைப் பதிப்பும் ஒன்றல்ல. அச்சில் இடம் போதாமல் வெட்டிய பத்தி இணையத்தில் இருக்கும், இணையத்தில் சுருக்கியது அச்சில் முழுதாக இருக்கும். படத்தின் பத்தி குறுகிய அகலத்தில், வரிகள் இருபுறமும் சீராக முடிந்து, சொற்கள் ஓரத்தில் ஒடிந்திருந்தால் அது அச்சுப் பக்கத்திலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மின்னிதழில் அந்த நாளின் எல்லாப் பதிப்புகளையும் பாருங்கள்.

## அறிகுறி 4: பத்தி அப்படியே இருக்கிறது, ஆனால் பொருள் இடிக்கிறது

சொல் பிசகாமல் இருந்தும் மேற்கோள் தவறாவது இங்கேதான். மேலே இரண்டு பத்தி, கீழே இரண்டு பத்தி படியுங்கள். பிறகு ஒரே கேள்வி: இந்தப் பத்தியில் பேசுவது யார்? கட்டுரையாளர் மறுப்பதற்காக எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் வலுவாக எடுத்து வைத்திருக்கலாம். அந்தப் பத்தியை மட்டும் வெட்டினால் அது அவர் கருத்தாகவே தெரியும். "என்கிறார்கள்", "என்று வைத்துக்கொள்வோம்" போன்ற சொற்கள் முந்தைய பத்தியின் கடைசி வரியில் இருக்கும். படத்தை வெட்டியவர் வேண்டுமென்றே விட்டாரா, கைபேசித் திரையில் அவ்வளவுதான் கொண்டதா என்பது நமக்குத் தேவையில்லை. மேற்கோளை அந்த வரியோடு சேர்த்துக் கொடுத்தால் போதும்.

க்ரூக்மன் கட்டுரையில் இந்தச் சோதனை அவரைக் காப்பாற்றவில்லை. ஃபேக்ஸ் பத்தி வருவது தம் கணிப்புகளாக அவர் வரிசையிடும் இடத்தில். அதை அடுத்து வரும் கணிப்பு, கணினித் துறை வல்லுநர்களுக்கான வேலைகளின் எண்ணிக்கை வளர்வது மட்டுப்பட்டு, பிறகு குறையவே தொடங்கும், பத்தாண்டு கழித்துத் தகவல் பொருளாதாரம் என்ற சொல்லே அசட்டுத்தனமாக ஒலிக்கும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பேசுவது அவரேதான், பிறர் வாதத்தை எடுத்துச் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. பின்னாளில் அவர் தந்த விளக்கமோ வேறொரு கட்டுரைக்கு உரியது. ஆகவே இந்த மேற்கோளை அவர் கருத்தாகவே தரலாம், 1998-ன் கருத்து என்ற குறிப்போடு.

படத்தின் பத்தியில் முற்றுப்புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளிகள் இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அந்த மூன்று புள்ளிக்குள் இரண்டு பக்கம்கூட ஒளிந்திருக்கும்.

## அறிகுறி 5: தேதி, இடம் எல்லாம் துல்லியம், ஆவணம் மட்டும் இல்லை

அறிகுறி 2-ல் துல்லியமான குறிப்பைத் தருபவரைப் பின்தொடரச் சொன்னேன். துல்லியம் ஏமாற்றவும் செய்யும். நம்மூர் மேடைகளிலும் அடிக்கடி கேட்கிற மெக்காலே வாசகம் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இந்தியாவின் நெடுக்கும் குறுக்கும் பயணித்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பான பண்பாட்டை முறித்தாலொழிய இதை வெல்ல முடியாது என்று போகும் ஒரு பத்தி. பழைய நூலின் பக்கம்போலத் தோற்றமளிக்கும் படமாகவும் வரும். கீழே "பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே, 1835 பிப்ரவரி 2" என்றிருக்கும்.

நாளும் இடமும் இவ்வளவு தெளிவாகத் தரப்பட்டால் அவற்றையே முதலில் சோதிக்க வேண்டும். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்திறங்கி, உதகையில் இருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்துவிட்டு, பிறகு கல்கத்தா போய்ப் பணியில் இருந்தார். 1835 பிப்ரவரியில் அவர் லண்டனில் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் அன்று கூடவில்லை. தேர்தல் முடிந்து புதிய நாடாளுமன்றம் கூடியது பிப்ரவரி 19-இல்தான். கூட்ட நாள்களை யாரும் பார்க்கலாம்:

```
https://api.parliament.uk/historic-hansard/sittings/1835/feb
```

அப்படியானால் பிப்ரவரி 2 எங்கிருந்து வந்தது? அந்த நாளிட்ட ஆவணம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இந்தியக் கல்வி பற்றி மெக்காலே கல்கத்தாவில் எழுதிய குறிப்பு அது. நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு அடுக்கு, இந்தியாவின், அரேபியாவின் இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்ற புகழ்பெற்ற வரி அதில் உண்டு. பிச்சைக்காரனும் திருடனும் அதில் இல்லை. அசல் ஆவணத்தின் தேதியை எடுத்து இல்லாத உரைக்கு ஒட்டியிருக்கிறார்கள். இந்த வாசகத்தின் வழியைத் தேடிய பெல்ஜிய எழுத்தாளர் கோன்ராட் எல்ஸ்ட், அதை அண்மைக்கால ஆன்மிக இதழ் ஒன்றுவரை கொண்டுபோனார். அங்கே அதற்கு முன்னால், அவருடைய சொற்களின் சாரம் இது என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. யாரோ சாரமாக எழுதியது, அடுத்த கையில் மேற்கோள் குறி பெற்றுவிட்டது.

இந்தச் சோதனையை எந்தப் படத்துக்கும் பயன்படுத்தலாம். சொன்னவர் அந்த நாளில் அந்த இடத்தில் இருந்தாரா, அந்த அவை அன்று கூடியதா, அந்த இதழ் அந்த மாதம் வெளிவந்ததா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இடித்தாலே, குறிப்பில் உள்ள அந்த நாளும் இடமும் பொய் என்று துணிந்து எழுதலாம். எதுவும் இடிக்காமல் ஆவணமும் கிடைக்காமல் இருந்தால் "மூலம் கிடைக்கவில்லை" என்றுதான் எழுத வேண்டும். எங்கெங்கே தேடினோம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். பொய் என்று எழுத நமக்கும் ஆதாரம் தேவை.

## எப்போது பிறரிடம் கொடுக்க வேண்டும்

அச்சில் மட்டும் வந்தது என்று தெரிந்தவுடன் இணையத்தைத் துழாவுவதை நிறுத்தி நூலகரைப் பிடியுங்கள். இந்தியாவில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. பழைய தமிழ் இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு முதலில் "நூலகம்" என்ற பெயருள்ள இணையத் தளத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். நூலகரிடம் போகும்போது "இந்த வாசகம் எங்கே இருக்கிறது" என்று கேட்டால் அவரால் உதவ முடியாது. இதழ், ஆண்டு, மாதம் என்று கேட்டால் தொகுதியை எடுத்துக் கொடுப்பார். அந்த அளவுக்காவது குறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

மேற்கோள் யாருடைய பெயரையாவது கெடுக்கும் வகையில் இருந்தாலோ, வழக்கு வரும் என்று தோன்றினாலோ, வழக்கறிஞரைப் பார்க்காமல் வெளியிட வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. முகம் தெரியாதவர் அனுப்பிய படத்துக்கு அந்தச் சான்றிதழ் தர யாரும் முன்வர மாட்டார்கள்.

கட்டணச் சுவருக்குப் பின்னால் உள்ளதற்கும், நீக்கப்பட்டதாகச் சந்தேகிப்பதற்கும் பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கே எழுதலாம். சில நாளிதழ்களில் வாசகர் ஆசிரியர் என்று தனிப் பொறுப்பே உண்டு. "இது உங்களுடையதா?" என்று படத்தை மட்டும் அனுப்பினால் பதில் வருவது அரிது. ஒரு பார்வையில் பதில் சொல்லும்படி கேட்க வேண்டும். நான் அனுப்பும் கடிதம் இப்படி இருக்கும்:

> ஐயா / அம்மா, இணைத்துள்ள படத்தில் உள்ள பத்தி, உங்கள் இதழில் இந்தத் தேதியில் இந்தத் தலைப்பில் வந்த கட்டுரையின் பகுதி என்று சுற்றிவருகிறது. கட்டுரையின் இணையப் பக்கத்திலும், அன்று மாலையும் மறுநாளும் எடுக்கப்பட்ட காப்பக நகல்களிலும் இந்தப் பத்தி இல்லை. மூன்று விவரங்கள் மட்டும் தேவை. (1) இந்தப் பத்தி எப்போதாவது இணையப் பதிப்பில் இருந்ததா? (2) அச்சின் எந்தப் பதிப்பிலாவது வந்ததா? வந்திருந்தால் பக்க எண் என்ன? (3) நீக்கப்பட்டிருந்தால் திருத்தக் குறிப்பு ஏதும் வெளியிட்டீர்களா? உங்கள் பதிலைப் பெயர் குறிப்பிட்டு மேற்கோள் காட்டலாமா என்பதையும் தெரிவியுங்கள்.

பத்தியின் சொற்களைத் தட்டச்சு செய்து கடிதத்தின் அடியில் சேர்த்துவிடுங்கள். அங்கே இருப்பவரும் தம் தொகுப்பில் தேட வேண்டியது அந்தச் சொற்களைத்தான். பதில் வரும்வரை உங்கள் கட்டுரையில் அந்த மேற்கோளுக்கு உரிய இடம் காலியாகவே இருக்கட்டும்.